பானியே, ஸ்டேஸ், ஐந்தடி அகலப் பாவாடை: 18ஆம் நூற்றாண்டு அரசவை உடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஓவியங்களில் ராணிகளின் பாவாடை இரண்டு பக்கமும் மேஜை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறதே, உள்ளே என்னதான் இருக்கிறது?

ஒரு கூடு. பிரான்சில் அதற்குப் பானியே என்று பெயர். கெட்டியான லினன் துணியில் உள்பாவாடை தைத்து, அதில் மூன்று நான்கு வரிசையாக நாடாக் குழல்கள் வைத்து, ஒவ்வொன்றிலும் பிரம்போ திமிங்கலத் தாடியோ செருகியிருப்பார்கள். மேலே இடுப்பில் ஒரு நாடா. அவ்வளவுதான், பெரிய இரும்புச் சட்டம் எல்லாம் பொதுவாகக் கிடையாது.

வெளியே தெரியாத ஒரு விஷயம்தான் இதில் முக்கியம். பிரம்பை வளைத்து மூட்டினால் அது வட்டமாகத்தான் நிற்கும். ஆனால் அரசவைப் பாவாடை வட்டமில்லை. முன்னும் பின்னும் தட்டையாகவும் பக்கவாட்டில் மட்டும் அகலமாகவும் இருக்கும். இதற்காகக் கூட்டின் உள்ளே, முன்பக்க வளையத்திலிருந்து பின்பக்க வளையத்துக்கு நாடாக்கள் தைத்து இழுத்து முடிச்சுப் போடுவார்கள். முன்னும் பின்னும் நெருங்கும்போது வளையத்தின் மீதி நீளத்துக்குப் போக்கிடம் பக்கவாட்டில்தான், எனவே அது விரிகிறது. முடிச்சை அவிழ்த்தால் அதே கூடு மறுபடி வட்டமாகிவிடும். அகலத்தைக் கூட்டவும் குறைக்கவும் உள்நாடாவின் நீளத்தை மாற்றினாலே போதும்.

பெரிய ஒற்றைக் கூடுதான் அரசவைக்கு. அன்றாட உடைக்கு இடுப்பின் இரு பக்கமும் தனித்தனியாகக் கட்டிக்கொள்ளும் சின்னக் கூடுகள் இருந்தன. அவற்றின் மேல்பக்கம் திறந்திருக்கும், கைவிட்டுச் சாமான் எடுக்கலாம். இங்கே நான் பேசுவது பெரும்பாலும் பெரியதைப் பற்றி.

ஆரம்பத்திலிருந்தே இப்படித் தட்டையாகத்தான் இருந்ததா?

இல்லை. இங்கிலாந்தில் 1709, 1710 வாக்கிலேயே வளையப் பாவாடை பற்றிய கிண்டல் அச்சில் வந்துவிட்டது. பாரிஸில் 1718ஐ ஒட்டிப் பரவியது. அப்போதெல்லாம் அது மணி போல, கவிழ்த்த கிண்ணம் போல உருண்டைதான். 1730களில் முன்பின் தட்டையாகத் தொடங்கி, 1740களில் நீள்சதுரமாகிவிட்டது. பெண் முன்னால் நின்றால் ஐந்தடி, சிலருக்கு ஆறடி அகலம். பக்கவாட்டில் திரும்பினால் இரண்டடிகூட இருக்காது.

1750களுக்குப் பிறகு அன்றாட நாகரிகம் இந்தப் பெரிய அளவைக் கைவிட ஆரம்பித்தது. அரசவை கைவிடவில்லை. அதனால் நூற்றாண்டின் பின்பாதியில் ராணி முன்னால் போகிறவர் தன் அம்மா காலத்து உருவத்தை உடுத்திக்கொண்டு போனார் என்றே சொல்லலாம்.

இடுப்பு அவ்வளவு சின்னதாகத் தெரிய, மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினார்கள் என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும் அது 19ஆம் நூற்றாண்டு கார்செட்டைப் பற்றிய பேச்சு, ஒரு நூற்றாண்டு பின்னால் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. உலோகக் கண்கள் வந்தது 1820களின் இறுதியில். அதற்கு முன் கயிறு நுழையும் துளைகள் எல்லாமே நூலால் சுற்றித் தைத்தவை. அளவுக்கு மீறி இழுத்தால் துளைதான் முதலில் கிழியும்.

18ஆம் நூற்றாண்டின் ஸ்டேஸ் என்பது உடம்பைக் கூம்பாக்கும் ஒரு உறை. இரண்டு மூன்று அடுக்கு லினனைச் சேர்த்து, நெருக்கமாகக் கோடு கோடாகக் கையால் தைத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் இடையே மெல்லிய திமிங்கலத் தாடிப் பட்டைகளைச் செருகினால் அது தயார். மார்பிலிருந்து இடுப்பு வரை நேர்க்கோடாக இறங்கும். இடுப்பை மணல் கடிகாரம் போல உள்ளே வாங்காது. மார்பை மேலே ஏற்றி, வயிற்றுப்பகுதியைத் தட்டையாக்கி, தோள்களைப் பின்னுக்குத் தள்ளும்.

நம் விலாக்கூடு இயல்பில் பக்கவாட்டில் அகலமான நீள்வட்டம். ஸ்டேஸ் பக்கங்களிலிருந்து அழுத்தி அதைக் கிட்டத்தட்ட வட்டமாக்குகிறது. சுற்றளவு கொஞ்சம்தான் குறையும், ஆனால் முன்னாலிருந்து பார்க்கும் அகலம் நன்றாகக் குறைந்து தெரியும். கீழே பானியே செய்வது இதற்கு நேர் எதிர், வட்டத்தை நசுக்கிப் பக்கவாட்டில் அகலமாக்குகிறது. உருண்டையாக்கிய உடம்புக்குக் கீழே தட்டையாக்கிய பாவாடை. அரசவை உருவத்தின் ரகசியமே இந்த இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பதுதான். அறுபத்தைந்து சென்டிமீட்டர் சுற்றளவுள்ள இடுப்பு முன்னாலிருந்து 21 சென்டிமீட்டர் அகலமாகத் தெரியும்போது, அதற்குக் கீழே 150 சென்டிமீட்டர் பட்டு விரிந்தால் இடுப்பு இருக்கிற இடமே தெரியாது. இறுக்கிக் கட்டியவர்களும் இருந்திருப்பார்கள், ஆனால் இந்த உருவத்துக்கு அது தேவையே இல்லை.

ஸ்டேஸும் பானியேவும் எங்கே சந்திக்கின்றன? ஒன்று மேல் ஒன்று உரசி வலிக்காதா?

ஸ்டேஸின் கீழ்விளிம்பைக் கவனித்தால் இடுப்புக் கோடு வரை வெட்டிவிட்ட நாக்குகள் மாதிரி சின்னச் சின்னப் பட்டைகள் இருக்கும். போட்டுக்கொண்டதும் அவை இடுப்பெலும்பின் மேல் விரிந்து உட்காரும். பானியேவின் நாடாவை இந்தப் பட்டைகளுக்கு மேல் கட்டுவார்கள். கூடு, அதன் மேல் உள்பாவாடை, அதன் மேல் ஜரிகைப் பட்டு என்று எல்லா எடையும் இறங்குவது அந்தப் பட்டைகளின் மேல். சதையில் நாடா வெட்டாது.

இன்று இந்த உடையை மறுபடி தைத்துப் பார்ப்பவர்கள் செய்யும் வழக்கமான தவறு இங்கேதான். ஸ்டேஸ் இல்லாமல் பானியேவை மட்டும் கட்டிப் பார்ப்பார்கள். நாடா கீழே வழுக்கும், இறுக்கினால் தோலில் பதியும், கூடு முன்பக்கம் சாயும். அப்புறம் பிரம்பைக் குறை சொல்வார்கள். சட்டையைப் போடாமல் டை கட்டிப் பார்ப்பது போலத்தான் இது.

முன்பக்கம் மட்டும் வேறு ஏற்பாடு. அரசவை மேற்சட்டையின் கூர்முனை பாவாடைப் பட்டிக்கு வெளியே, மேலாக இறங்கி நிற்கும். ஓவியங்களில் இடுப்பிலிருந்து கீழே நீளும் அந்த முக்கோணம் இதுதான். பட்டியின் கிடைக்கோட்டை அது மறைத்துவிடுவதால் உடம்பு இன்னும் நீளமாகத் தெரியும்.

திமிங்கல எலும்பு என்று படித்தேன், நீங்கள் தாடி என்கிறீர்களே?

எலும்பு இல்லை. பல் இல்லாத திமிங்கலங்களின் மேல்தாடையிலிருந்து வரிசையாகத் தொங்கும் தட்டுகள் அவை, கடல்நீரை வடிகட்டி இரை பிடிப்பதற்கு. நம் நகம் எந்தப் பொருளோ அதே பொருள். ஆர்க்டிக் பக்கத்துப் பெருந்தலைத் திமிங்கலத்தில் ஒரு தட்டு 3 மீட்டருக்கும் மேல் நீளும். நார்வாக்கில் எவ்வளவு மெல்லியதாகவும் பிளக்கலாம், பிளந்த விளிம்பு துணியைக் கிழிக்காது. சூடு பட்டால் இளகி வளையும், ஆறினால் அந்த வளைவிலேயே நிற்கும். உடம்புச் சூட்டிலேயே நாளடைவில் அணிபவரின் உருவத்துக்குப் படிந்துவிடும்.

பிரம்பு இதைவிட மலிவு, கிழக்கிந்தியக் கம்பெனிகளின் கப்பலில் ஆசியாவிலிருந்து வந்தது. கூட்டுக்கு அது நன்றாகவே போதும். ஸ்டேஸில் வைத்தால் வளைவில் முறியும் அபாயம் உண்டு.

பிரெஞ்சு அரசவை கவுனும் இங்கிலாந்து அரசவை கவுனும் ஒன்றுதானா?

தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்று மாதிரி இருக்கும், கட்டுமானம் வேறு.

வெர்சாயில் உடுத்தியதற்குக் கிரான்ட் அபி என்று பெயர். பதினான்காம் லூயி காலத்தில் விதியாக்கப்பட்டு 1789 வரை ஏறக்குறைய அதே அமைப்பில் இருந்தது. அதற்கு மூன்று பாகம்: முதுகில் கயிறு போட்டு இறுக்கும் மேற்சட்டை, பாவாடை, இடுப்பில் மாட்டும் நீண்ட வால். மேற்சட்டைக்கு உள்ளே தனியாக ஸ்டேஸ் கிடையாது, அந்தச் சட்டையே முழுக்கப் பட்டை செருகிய ஸ்டேஸ்தான், மேலே பட்டு போர்த்தியது. கழுத்து அகன்ற நீள்வட்டம், தோள்பட்டி தோளைவிட்டு இறங்கி மேற்கையில் உட்காரும். கையைத் தோளுக்கு மேல் தூக்கவே முடியாது. தலைக்கு மேல் இருக்கிற எதையும் எடுத்துத்தர ஆள் இருக்கிறது என்று சொல்லாமல் சொல்லும் உடை.

லண்டனில் அதற்கு மாண்டுவா என்று பெயர். அங்கே ஸ்டேஸ் தனி உள்ளாடை. அதற்கு மேல் முன்புறம் திறந்த கவுனைப் போட்டு, நெஞ்சுப் பகுதியில் அலங்காரத் துண்டு ஒன்றை வைத்து ஊசிகளால் பொருத்துவார்கள். கவுனின் பின்தொங்கலைச் சிக்கலாக மடித்து மேலே தூக்கிக் குத்திவிடுவதால் 1740களில் பின்னால் ஒரு குறுகிய பட்டை மாதிரிதான் மிஞ்சும். எல்லோரும் பார்ப்பது பாவாடையைத்தான்.

தைப்பவர்களும் வேறுவேறு. 1769இல் வெளியான கார்சோவின் தையற்கலை நூல் பிரெஞ்சு உடையின் வேலைப் பிரிவினையைத் தெளிவாகச் சொல்கிறது. மேற்சட்டையும் வாலும் ஆண் தையற்காரரின் வேலை, பாவாடை பெண் தையற்காரருடையது, மேலே வைக்கும் லேஸும் ரிப்பனும் அலங்காரப் பொருள் விற்பவருடையது. ஒரே உடைக்கு மூன்று கடை. கடைசியில் பொருந்தாமல் போவதில் ஆச்சரியம் என்ன?

அப்படி பொருந்தாமல் போனதற்கு உண்மையான உதாரணம் இருக்கிறதா?

எல்லோருக்கும் தெரிந்த கல்யாணத்திலேயே இருக்கிறது. 1770 மே 16 அன்று வெர்சாயில் மரி அன்த்வானெத்துக்குத் திருமணம். வயது 14. அங்கே இருந்த நார்தம்பர்லேண்ட் சீமாட்டி தன் நாட்குறிப்பில், மேற்சட்டை மணப்பெண்ணுக்குச் சின்னதாகப் போய்விட்டது, முதுகில் கயிறும் உள்சட்டையும் அகலமான பட்டையாக வெளியே தெரிந்தது, இருபுறமும் இருந்த வைரப் பட்டைகளுக்கு நடுவே அது நன்றாக இல்லை என்று எழுதிவைத்திருக்கிறார்.

இதைச் சொல்லும்போது பலர் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். முதுகில் இடைவெளி இருப்பதே தவறில்லை. 1787இல் அரசவைக்கு அறிமுகமான லா தூர் து பேன் சீமாட்டி, இந்த மேற்சட்டையை முதுகில் வேண்டுமென்றே குறுகலாகத் தைப்பார்கள், கயிற்றுக்கு நடுவே மிக மெல்லிய லினன் தெரியும், அணிந்தவரின் தோல் நிறம்வரை அதில் தெரிந்துவிடும் என்கிறார். அவர் சொல்லும் இடைவெளி கீழ்முனையில் நாலு விரல் அகலம் வரும். ஆக, ஒழுங்கான இடைவெளி அழகு, அளவு மீறினால் விபத்து.

மேற்சட்டை சிறுத்தால் அதை அந்த நேரத்தில் சரிசெய்ய வழியே இல்லை என்பதுதான் சிக்கல். தையலைப் பிரித்து விடுவதற்கு உள்ளே துணி கிடையாது, ஓரம் முழுக்கப் பட்டையும் கண்ணும்தான். வளர்கிற வயதுப் பெண்ணுக்கு, ஆளைப் பார்க்காமல் அளவை மட்டும் வைத்துத் தைத்தால் இப்படித்தான் ஆகும். அதே வருடம் அவர் இந்த இறுக்கமான சட்டையைப் போட மறுத்ததும், வியன்னாவிலிருந்து அம்மா மரியா தெரேசா அளவு கேட்டு, இங்கேயே தைத்து அனுப்புகிறேன், பாரிஸில் செய்வது விறைப்பாம் என்று எழுதியதும் கடிதங்களில் இருக்கிறது. எட்டு ஒன்பது வருடம் கழித்து, விஜே லெ ப்ரன் வரைந்து வியன்னாவுக்குப் போன ஓவியத்தில் அவர் வெள்ளைச் சாட்டினில், விரிந்த பானியேவுடன், முறைப்படி நிற்கிறார்.

இவ்வளவு அகலப் பாவாடைக்கு எத்தனை மீட்டர் துணி? சும்மா நீளமான சதுரத் துண்டுகளைச் சேர்த்துச் சுருக்கினால் போதாதா?

போதாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இடுப்பிலிருந்து தரை வரை 100 சென்டிமீட்டர். பானியேவின் அகலம் 150, முன்பின் ஆழம் 45. முன்னாலிருந்து பார்க்கும்போது ஸ்டேஸ் போட்ட இடுப்பின் அகலம் சுமார் 26 என்று கொஞ்சம் தாராளமாகவே வைத்துக்கொள்வோம், உள்பாவாடைகளின் கனமும் சேர்ந்து. அப்படியென்றால் ஒவ்வொரு பக்கமும் கூடு 62 சென்டிமீட்டர் வெளியே நீள்கிறது. அந்த நீட்சியில் கூடு 10 சென்டிமீட்டர் சரிகிறது என்றால், துணி இடுப்பிலிருந்து கூட்டின் ஓரம் வரை 63 சென்டிமீட்டர் போய், அங்கிருந்து 90 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். மொத்தம் 153. முன்னால் 100 போதும், பக்கத்தில் அதைப்போல ஒன்றரை மடங்கு.

எல்லாவற்றையும் 100 சென்டிமீட்டரில் வெட்டித் தைத்தால் என்ன ஆகும்? பக்கத்தில் 63 மேலேயே செலவாகி, மீதி 37தான் கீழே தொங்கும். முன்னால் தரையைத் தொடும் பாவாடை பக்கவாட்டில் முழங்காலுக்கு ஏறிவிடும். நாடகக் குழுக்களின் உடைகளில் இதை நிறையப் பார்க்கலாம்.

இப்போது சுற்றளவு. கூட்டின் கீழ்விளிம்பு, மூலைகள் உருண்டவை என்பதால், சுமார் 350 சென்டிமீட்டர். நடக்க, மடிப்பு விழக் கொஞ்சம் சேர்த்து 380 என்று வைப்போம். அன்றைய பட்டின் பன்னா சுமார் 50 சென்டிமீட்டர்தான். எனவே எட்டுப் பன்னா வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டிரண்டு, 110 சென்டிமீட்டரில். பக்கங்களுக்கு இரண்டிரண்டு, 160 சென்டிமீட்டரில். கூட்டினால் 10.8 மீட்டர், பாவாடைக்கு மட்டும். மேற்சட்டையும் வாலும் தனி.

வெட்டும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன், அன்றைய தையற்காரர்களின் புத்திசாலித்தனம் அங்கேதான் தெரிகிறது. நாம் பாவாடை நீளத்தைக் கீழே சரிசெய்வோம். அவர்கள் கீழ்விளிம்பை நேராகவே விட்டுவிட்டு, இடுப்புப் பக்கம் மேலே ஏற்றி இறக்கிச் சரிசெய்தார்கள். நெசவிலோ எம்ப்ராய்டரியிலோ இருக்கும் பூ வரிசை தரைக்கு இணையாக ஓட வேண்டும் என்றால் இதுதான் வழி. மேலே மிச்சமானதைப் பெரும்பாலும் வெட்டாமல் உள்ளே மடித்து மடிப்புகளோடு சேர்த்துத் தைத்தார்கள். பட்டு விலை தையல் கூலியைவிடப் பல மடங்கு. அடுத்த முறை பிரித்து வேறு உருவத்தில் தைக்க அந்தத் துணி வேண்டும்.

சரி, எதற்காக இந்த அகலம்? அழகுக்காக மட்டுமா?

துணியைக் காட்டுவதற்கு என்பது என் கருத்து. உருண்டைப் பாவாடையில் மடிப்புகள் விழுந்து பூவேலை பாதி மறைந்துவிடும். தட்டையாக்கி விரித்தால் முன்பக்கம் முழுவதும் ஒரே பரப்பு, ஓவியம் வரைந்த சுவர் மாதிரி. பட்டு எவ்வளவு, வெள்ளி ஜரிகை எவ்வளவு என்று கூடத்தின் அந்தக் கோடியில் நிற்பவரும் எடை போட்டுவிடலாம்.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 1740–45 காலத்துச் சிவப்புப் பட்டு மாண்டுவா ஒன்று இருக்கிறது. கிளை விரித்த மரம் ஒன்று பாவாடை முழுக்கப் படர்கிறது, வெள்ளி நூலில் மட்டும். அந்த நூலின் எடை ஏறக்குறைய 10 பவுண்டு, அதாவது நாலரைக் கிலோ. வாலில் மக்தலீன் ஜைல்ஸ் என்பவர், லெகோந்த் அம்மையாரிடமிருந்து பெற்றுக்கொண்டேன் என்று எழுதிய குறிப்புகூட அழியாமல் இருக்கிறது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்த வெள்ளி அசைவதைப் பார்க்கத்தான் இந்தக் கூடு. கூடு இல்லாமல் அவ்வளவு எடையைத் தொங்கவிட்டால் காலில் சுற்றிக்கொண்டு நடக்கவே விடாது என்பது இன்னொரு பக்கம்.

இதை மாட்டிக்கொண்டு எப்படி நடந்தார்கள்? கதவில் எப்படி நுழைவது?

நடப்பதுதான் கதவைவிடக் கஷ்டம். இடுப்பெலும்பு உடலின் நடுக்கோட்டிலிருந்து 15 சென்டிமீட்டர், கூட்டின் ஓரமோ 75. ஓர் அடி எடுத்துவைக்கும்போது இடுப்பு ஒரு பக்கம் 1 சென்டிமீட்டர் உயர்ந்தால் ஓரம் 5 சென்டிமீட்டர் எழும்பும். சாதாரணமாக நடந்தால் பாவாடை படகு மாதிரி இருபுறமும் ஆடி, நடப்பவர் பழக்கமில்லாதவர் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் முழங்காலை அதிகம் மடக்காமல், சின்னச் சின்ன அடியாக, வழுக்கிப் போவது மாதிரி நடக்கப் பயிற்சி. வெர்சாயில் அறிமுகமாகப் போகிறவர்கள் நடன ஆசிரியரிடம் ஒத்திகை பார்த்தார்கள். ராணியை நோக்கி மூன்று முறை வணங்கிச் செல்ல வேண்டும், திரும்பும்போது முதுகைக் காட்டாமல் பின்னோக்கி நடந்து, வாலைக் குதிகாலால் தள்ளித் தள்ளிவிட வேண்டும். தடுக்கி விழுந்தால் ஆயுசுக்கும் பேச்சுதான்.

கதவு பிரச்சினையே இல்லை. அரண்மனைக் கதவுகள் இரட்டைக் கதவுகள், குறுகலாக இருந்தால் பக்கவாட்டில் திரும்பினால் இரண்டடிதான். பிரம்பும் தாடியும் அழுத்தினால் வளைந்துகொடுக்கும், முழங்கையால் லேசாக அமுக்கலாம். கீல் வைத்த கூடுகளும் உண்டு, ஓரங்களைக் கையால் மேலே தூக்கி மடித்துக்கொள்ளலாம். கியோட்டோ ஆடை ஆய்வு நிறுவனத்தின் சேகரிப்பில் அப்படி ஒரு உலோகக் கூட்டைப் பார்க்கலாம்.

முழங்கையோடு முடியும் சட்டைக்கையும் இந்த அளவுக்குப் பொருந்தி வந்தது. முன்கையைக் கூட்டின் மேல் லேசாக வைத்துக்கொண்டு, கையில் விசிறியோடு நிற்பதே அந்தக் காலத்து நிலை.

கேட்கவே கூச்சம், இருந்தாலும்... கழிப்பறை?

நினைப்பதைவிட எளிது. அப்போது பெண்கள் கீழே ஜட்டி மாதிரி எதுவும் அணிவதில்லை, முழங்காலளவு லினன் உள்சட்டை மட்டும். எனவே எதையும் அவிழ்க்க வேண்டியதில்லை. படகு வடிவத்தில் பூர்தலூ என்று ஒரு சின்னப் பீங்கான் பாத்திரம் உண்டு, பணிப்பெண் கொண்டுவருவார், நின்றபடியே முடிந்துவிடும். இன்று ஏலத்தில் அதைக் குழம்புக் கிண்ணம் என்று நினைத்து வாங்கிப் போகிறவர்களும் உண்டாம்.

மற்றவர்கள் யாரும் முணுமுணுக்கவில்லையா?

முணுமுணுத்தார்கள், அதில் பெரும்பாலும் இடத் தகராறு. 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் ஹேண்டலின் மெசையா என்ற இசைப்படைப்பு முதன்முறை அரங்கேறியபோது, பெண்கள் தயவுசெய்து வளையம் இல்லாமல் வர வேண்டும், ஆண்கள் வாளை விட்டுவிட்டு வர வேண்டும் என்று பத்திரிகையில் அறிவிப்பு கொடுத்தார்கள். அது தர்ம காரியத்துக்கான நிகழ்ச்சி, கூட ஆள் உட்கார்ந்தால் கூட வசூல்.

பிரான்சில் அது மரியாதைப் பிரச்சினை ஆனது. 1728இல் ராணி மரி லெஷின்ஸ்கா நாடகம் பார்க்கும்போது, இருபுறமும் அமர்ந்த இளவரசிகளின் பானியே ஏறி ராணியின் பாவாடையை மறைத்தது. அமைச்சர் கார்டினல் ஃப்ளூரி, ராணிக்குப் பக்கத்து இருக்கைகளைக் காலியாக விடச் சொன்னார். உடனே இளவரசிகள், எங்களுக்கும் பக்கத்துச் சீமாட்டிகளுக்கும் நடுவில் அதே இடைவெளி வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு பிரம்புக் கூட்டுக்காக ஓர் அமைச்சர் இவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது.

அருங்காட்சியகத்தில் இந்த உடையைப் பார்க்கும்போது, சரியான கூட்டின் மேல்தான் மாட்டியிருக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கீழ்விளிம்பைப் பாருங்கள். கூடு அளவுக்கு மீறி அகலமாக இருந்தால் பக்கவாட்டில் விளிம்பு மேலே ஏறும். கூடு சிறிதானால் பக்கவாட்டில் மட்டும் துணி தரையில் குவியும், முன்னால் சரியாக இருக்கும். விளிம்பு சுற்றிலும் ஒரே மட்டமாக ஓடினால் அகலம் சரி என்று நம்பலாம். அடுத்து, பூ வரிசை. முன்பக்கப் பூக்கள் கூட்டின் மூலையில் மடங்கிச் சிதையாமல் முழுசாகத் தெரிய வேண்டும். வரைந்தவர் அந்தத் தட்டைப் பரப்பை மனதில் வைத்துத்தான் வரைந்திருப்பார்.

ஸ்டாக்ஹோமின் லிவ்ருஸ்ட்காமரன் அருங்காட்சியகத்தில் இருக்கும் சோபியா மக்தலேனாவின் 1766 திருமண உடை, மாஸ்கோ கிரெம்ளினில் இருக்கும் இரண்டாம் கேத்தரினின் 1762 முடிசூட்டு உடை இரண்டையும் படங்களிலாவது பக்கவாட்டுக் கோணத்தில் தேடிப் பாருங்கள். முன்னாலிருந்து எடுத்த படம் எப்போதும் பிரமிப்பு தரும், ஆனால் கட்டுமானத்தைக் காட்டாது. பக்கத்திலிருந்து பார்த்தால்தான் எவ்வளவு மெலிந்த உருவம் அது என்று புரியும்.

கடைசியில் எப்போது ஒழிந்தது?

பிரான்சில் 1789உடன் அரசவையும் போயிற்று, கிரான்ட் அபியும் போயிற்று. வேடிக்கை இங்கிலாந்தில்தான். 1790களில் நாகரிகம் மாறி இடுப்புக்கோடு மார்புக்குக் கீழே ஏறிவிட்டது, வெளியே எல்லோரும் மெல்லிய மஸ்லினில் நேராகத் தொங்கும் உடையில் திரிந்தார்கள். ஆனால் ராணி ஷார்லட் அரசவையில் வளையத்தை விடச் சம்மதிக்கவில்லை. விளைவாக மார்புக்குக் கீழிருந்தே பாவாடை கூடாரமாக விரியும் ஒரு விசித்திர உருவம் இருபது வருடத்துக்குமேல் ஓடியது. கூம்பு மேற்சட்டை போய்விட்டது, கூடு மட்டும் மிஞ்சியது, எதிர்த்து நிற்க எதுவும் இல்லாத கூடு பார்க்கச் சகிக்காது. அந்தக் காலத்துச் சித்திரங்களில் கைகள் பாவாடைக்குள்ளிருந்து முளைத்த மாதிரி இருக்கும். ஷார்லட் 1818இல் இறந்தார். 1820இல் நான்காம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்ததும் வளையம் வேண்டாம் என்று அறிவித்துவிட்டார். தலையில் செருகும் தீக்கோழி இறகுகள் மட்டும் விதியில் தொடர்ந்தன.